ஒரே கட்டம், இரண்டு வெட்டு: ஏ.சி.எல்.லும் கேப்பபிலிட்டியும்

நிரைக்கு ஒரு பயனர், நிரலுக்கு ஒரு கோப்பு, இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அனுமதி. 1971-இல் பட்லர் லாம்ப்சன் விவரித்த அணுகல் அணி இதுதான். 500 பயனர், 2 லட்சம் கோப்பு என்றாலே 10 கோடி கட்டம் வரும். முக்கால்வாசிக்கு மேல் காலியாகக் கிடக்கும். அதனால் அணியை அப்படியே சேமிக்காமல் வெட்டி வைக்கிறார்கள். நிரல் நிரலாக வெட்டிக் கோப்போடு ஒட்டினால் ஏ.சி.எல்., அதாவது அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல். நிரை நிரையாக வெட்டிப் பயனரிடமோ அவர் ஓட்டும் புரோகிராமிடமோ கொடுத்தால் கேப்பபிலிட்டி பட்டியல்.

இரண்டிலும் இருப்பது ஒரே தகவல்தானே, எதை எடுத்தால் என்ன என்று பரீட்சையில் எழுதலாம். நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய கம்பைலர் கதையைப் படித்தால் அப்படி எழுதக் கை வராது.

அந்தக் கம்பைலர் SYSX என்ற டைரக்டரியில் இருந்தது. தன் பயன்பாட்டுக் கணக்கை அங்கேயே குறித்து வைப்பதற்காக, அந்த டைரக்டரியில் எழுதும் உரிமை அதற்கு இருந்தது. கட்டண விவரம் இருந்த BILL கோப்பும் அதே இடத்தில்தான். ஒரு பயனர், கம்பைலர் டீபக் விவரத்தை எழுத வேண்டிய கோப்பு என்று (SYSX)BILL பெயரைக் கொடுத்தார். அவருக்கு அந்தக் கோப்பைத் தொட உரிமை கிடையாது. ஆனால் திறக்கக் கேட்டது கம்பைலர். அதற்கு உரிமை உண்டு. கட்டண விவரம் அழிந்தது.

கம்பைலரில் ஒரு சோதனையைச் சேர்த்தால் போதாதா என்று தோன்றும். அப்படி ஆரம்பித்தால் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாகச் சோதனை எழுதிக்கொண்டே போக வேண்டியதுதான். கேப்பபிலிட்டி முறையில் பயனர் பெயரைக் கொடுப்பதில்லை, திறந்த கோப்பின் கைப்பிடியையே கொடுக்க வேண்டும். BILL-இன் கைப்பிடி அவரிடம் இல்லாததால் கொடுக்க வழியே இல்லை.

கேப்பபிலிட்டி சறுக்குவது உரிமையைத் திரும்பப் பெறும்போது. ஏ.சி.எல்.லில் ஒரு வரியை நீக்கினால் வேலை முடிந்தது. கேப்பபிலிட்டியோ கைமாறி எங்கெங்கோ நகலாகியிருக்கும். முன்யோசனையாக நடுவில் ஓர் இடைப்பொருளை வைத்துக் கொடுத்திருந்தால்தான் பின்னால் அறுக்க முடியும். இந்தக் கோப்பை யாரெல்லாம் படிக்கலாம் என்று ஆடிட்டர் கேட்டாலும், எல்லாப் பட்டியலையும் புரட்ட வேண்டும்.

யூனிக்ஸில் இரண்டும் கலந்திருக்கிறது. ரூட் அல்லாத சாதாரணப் பயனராக இதை ஓட்டிப் பாருங்கள்:

```
echo 87 > mark.txt
exec 3< mark.txt
chmod 000 mark.txt
cat mark.txt
cat <&3
```

முதல் `cat` `Permission denied` என்று நின்றுவிடும். அடுத்தது 87 என்று காட்டும். அனுமதி சோதிக்கப்படுவது கோப்பைத் திறக்கும்போது மட்டும்தான்; அதன்பின் கையில் இருக்கும் 3 என்ற எண் கிட்டத்தட்ட கேப்பபிலிட்டி. ஆகவே ஒருவரின் அனுமதியை அவசரமாகப் பறிக்கும்போது `chmod` போட்டதோடு நிற்காமல், ரூட்டாக `lsof mark.txt` ஓட்டி இன்னும் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் புராசஸையும் நிறுத்த வேண்டும்.