கூழ் ஊத்துற ஞாயிறும் 30 இடமும்: இரண்டு வருடமாக நான் அனுப்பும் நினைவூட்டல் செய்திகள்

புதுச்சேரியில் மாதம் ஒரு ஞாயிறு மாடித்தோட்ட வகுப்பு நடத்துகிறோம். இலவசம். காந்தி வீதிக்கு ஒரு தெரு தள்ளி நண்பர் வீட்டு மொட்டை மாடிதான் இடம், 30 பேருக்கு மேல் உட்கார முடியாது. பதிவு ஆரம்பித்தால் இரண்டு நாளில் 40 பெயர் தாண்டிவிடும். ஆனால் முதல் வருடத்தில் ஒரு ஞாயிறு மாடியேறி வந்தது 17 பேர். 30 பேருக்கென்று சனிக்கிழமை ராத்திரியே ஊறவைத்த தேங்காய் நார்க்கழிவு பாதி அப்படியே நின்றது. காத்திருப்போர் பட்டியலில் 12 பேர் இருந்தார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அதற்கு முன்னாலும் நினைவூட்டல் அனுப்பாமல் இல்லை. ஒரு வாரம் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று, முதல் நாள் ஒன்று, இரண்டு மணி நேரம் முன்பு ஒன்று. நாலும் ஒரே செய்திதான்: "வகுப்பு இருக்கிறது, மறக்காமல் வாருங்கள்." பிறகுதான் புரிந்தது, யாரும் மறக்கவில்லை. வர முடியாது என்று அவர்களுக்கு வியாழக்கிழமையே தெரியும். அதை நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

இப்போது அனுப்புவதும் நாலுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வேலை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பிராட்காஸ்ட் பட்டியல் போட்டு, அலாரம் வைத்துக் கையால் அனுப்புகிறேன். குரூப் ஆரம்பித்துப் பார்த்தோம். அதில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிகிறது. வகுப்புக்கு வந்த பெண் ஒருவருக்கு யாரோ ராத்திரியில் "குட் நைட்" அனுப்ப ஆரம்பித்ததும் அன்றே கலைத்துவிட்டோம்.

முதல் செய்தி, பதிவு செய்த அன்றே, தனித்தனியாகப் போவது. போன ஆடியில் அனுப்பியது இது:

"வணக்கம். ஆடிப்பட்ட விதைப்பு வகுப்புக்கு உங்கள் பெயர் பதிவாகிவிட்டது. ஞாயிறு, ஆகஸ்ட் 10, காலை 9.30. இந்த எண்ணை மாடித்தோட்டம் என்று போனில் சேமித்துவிட்டு 'சரி' என்று பதில் போடுங்கள். சேமிக்காவிட்டால் அடுத்த செய்திகள் உங்களுக்கு வராது."

கடைசி வரிக்காகத்தான் இந்தச் செய்தியே. பிராட்காஸ்ட்டில் அனுப்புவது, நம் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். நாம் அவர் எண்ணை வைத்திருந்தால் போதாது. இது தெரியாமல் ஆறு மாதம் பாதிப்பேருக்குச் செய்தி போகாமலே "இந்த ஊர் ஆட்களே இப்படித்தான்" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து, தகவல் என்பதைத் தொட்டால் யாருக்குச் சேர்ந்தது, யார் படித்தார்கள், இன்னும் எத்தனை பேர் மீதம் என்று காட்டும். ஒருநாள் முழுக்க மீதத்திலேயே இருப்பவர் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர்தான். அவருக்குத் தனியாக ஒரு செய்தி போடுகிறேன்.

இரண்டாவது வியாழன் மாலை 7.30க்கு. மொத்த வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

"ஞாயிறு, ஆகஸ்ட் 10 வகுப்பில் உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம். வருவதாக இருந்தால் 1 என்று அனுப்புங்கள். வர முடியாவிட்டால் 2. காரணம் கேட்க மாட்டோம், காத்திருக்கும் ஒருவருக்கு அந்த இடம் போகும். வெள்ளி இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள்."

புதன்கிழமை அனுப்பிப் பார்த்தேன். "இன்னும் நாள் இருக்கே" என்று வைத்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் பதில் வருகிறது, ஆனால் காலியான இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்க நமக்கு நேரமில்லை. திடீரென்று சனிக்கிழமை ராத்திரி கூப்பிட்டு "நாளைக்கு வர்றீங்களா" என்றால் யார் வருவார்?

"காரணம் கேட்க மாட்டோம்" என்பதை எழுதாத வரை 2 போட்டவர்கள் மிகக் குறைவு. நம் ஆட்களுக்கு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது சங்கடம். "பார்க்கிறேன் சார்", "ட்ரை பண்றேன்", ஒரு கும்பிடு எமோஜி, இவைதான் வரும். இப்போது என் கணக்கில் மூன்றுமே 2தான். ஆரம்பத்தில் அவற்றை 1 என்று எண்ணி ஏமாந்தேன். பதில் வர வர செயலியிலேயே லேபிள் போட்டுவிடுகிறேன்: வருகிறார், வரவில்லை, பதிலில்லை.

ஆகஸ்ட் 10 கணக்கைச் சொல்கிறேன். மொத்தம் 43 பெயர், அதில் முதல் 30 பேருக்கு இடம், 13 பேர் காத்திருப்பில். ஆடி மாதம் என்பதால் கல்யாணத் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். மற்ற மாதங்களில் காலண்டரில் முகூர்த்தம் பார்த்துவிட்டுத்தான் தேதியே வைப்போம். ஆனால் ஆடி ஞாயிறு என்றால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள் என்பது புத்திக்கு எட்டவில்லை. வியாழன் ராத்திரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் 2 போட்டு, கேட்காமலே காரணமும் சொன்னார்: "எங்க தெருவுல கூழ் ஊத்தறோம் சார், நீங்களும் வாங்க."

வெள்ளி இரவு நிலவரம்: 19 பேர் 1, ஐந்து பேர் 2, ஆறு பேர் பதிலில்லை. அந்த ஆறு பேருக்கும் 8 மணிக்குப் பிறகு போன் செய்தேன். இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள், ஒருவர் மாட்டேன் என்றார், மூன்று பேர் எடுக்கவில்லை. ஆக 21 உறுதி, ஆறு காலி, மூன்று சந்தேகம். சனி காலை 9 மணிக்குக் காத்திருப்பில் உள்ளவர்களை வரிசைப்படி கூப்பிட்டேன். எட்டு பேரைக் கூப்பிட்டதில் ஆறு இடமும் நிறைந்தது. சந்தேக மூவரின் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. ஞாயிறு வந்தது 26 பேர்: உறுதி சொன்ன 21-ல் 19, புதிதாகச் சேர்ந்த ஆறு பேரும், போனே எடுக்காத மூவரில் ஒருவர். அவர் வந்து, "போன் சைலன்ட்ல இருந்துச்சு சார்" என்றார். அந்த இடத்தை நான் யாருக்காவது கொடுத்திருந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால்தான் பதில் சொல்லாதவர் இடத்தைத் தூக்கிக் கொடுக்கும் விதியை நான் வைக்கவில்லை. கட்டணம் வாங்குகிறவர்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம்.

மூன்றாவது செய்தி சனி மாலை 6.30. வருகிறார் லேபிள் உள்ளவர்களுக்கு மட்டும். இடத்தின் வரைபடக் குறி, கையில் என்ன எடுத்துவர வேண்டும், வண்டியை எங்கே நிறுத்துவது. இதில் வண்டி விஷயம்தான் எங்கள் தெருவில் முக்கியம். ஞாயிறு என்றால் காந்தி வீதி முழுக்கச் சந்தைக் கடைகள். தெரியாமல் காரில் உள்ளே நுழைந்தவர் அரை மணி நேரம் கழித்து, மொட்டை மாடிக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து உட்காருவார். "காந்தி வீதி வழியாக வர வேண்டாம், வண்டியைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்" என்று ஒரு வரி போட்ட பிறகு 9.30 வகுப்பு 9.40க்காவது ஆரம்பிக்கிறது.

இந்தச் செய்தியில் நான் செய்த பெரிய தவறு "நாளை காலை" என்று எழுதியது. நெட்டை அணைத்து வைத்திருந்த ஒருவருக்கு அது ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தது. வகுப்பு திங்கட்கிழமை என்று நினைத்துவிட்டார். திங்கள் காலை 9.30க்கு வந்து கதவைத் தட்டினார், நண்பரின் அம்மா காபி கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து நாளை, இன்று, இன்னும் இரண்டு நாளில் என்ற சொற்கள் எந்தச் செய்தியிலும் கிடையாது. கிழமையும் தேதியும் மட்டும்.

கடைசிச் செய்தி ஞாயிறு காலை 6.30. முன்பு 8.30க்கு அனுப்பிக்கொண்டிருந்தேன், ஒரு மணி நேரம் முன்பு போதுமே என்று. ஐப்பசியில் ஒரு ஞாயிறு விடியலிலிருந்து கொட்டியது. 8 மணி வரை விடுமா என்று வானத்தைப் பார்த்துவிட்டு, 8.30க்கு வகுப்பு ரத்து என்று போட்டேன். கடலூரிலிருந்து ஒருவர் போனில் வந்தார். "சார், நான் தவளக்குப்பம் தாண்டிட்டேன்." பஸ்ஸில் குடையோடு உட்கார்ந்திருக்கிறார். தூரத்திலிருந்து வருபவர் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரம் எதுவோ அதற்கு முன்பு போய்ச் சேராத செய்தியால் என்ன பயன்? கடலூர்க்காரர்கள் 8 மணிக்குக் கிளம்புகிறார்கள், அதனால் 6.30க்கு முடிவு.

மழைக்காலத்தில் "செய்தி வராவிட்டால் வகுப்பு உண்டு" என்று சொல்லிவைத்துப் பார்த்தோம். வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஆனால் ரத்துச் செய்தி சேராதவருக்கும் செய்தி வரவில்லைதானே! இப்போது உண்டு என்றாலும் இல்லை என்றாலும் ஒரு வரி போகும். உண்டு என்றால் மாடிக்கதவு திறந்திருக்கும் படம் ஒன்று, "ஞாயிறு, ஆகஸ்ட் 10 வகுப்பு உண்டு, 9.15லிருந்து வரலாம்" என்று.

வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்காக மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவை ஒன்றையும் சில மாதம் வைத்திருந்தோம். அனுப்புகிறவர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிந்து அனுமதி வாங்க வேண்டும், ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. அதுகூடப் பரவாயில்லை. தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடம்தான், ஆங்கில எழுத்தில் 160. அதுவும் புதுச்சேரி என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் பத்து. எழுத்து தனி, கொம்பும் புள்ளியும் தனி. 60 எழுத்து என்று நான் எண்ணிய வாசகம் 100ஐத் தாண்டி இரண்டு செய்திக் காசு பிடித்தது. மாதம் இரண்டு மூன்று பேருக்காக அந்தப் பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு மூன்று பேரில் நிரந்தரமாக ஒருவர் வில்லியனூர்ப் பாட்டி. பட்டன் போன்தான். அவருக்கு மட்டும் சனி மாலை 6 மணிக்குக் கூப்பிடுவேன், அதற்குப் பிறகு சீரியல் ஆரம்பித்துவிடும். "பாட்டி, 1-ஆ 2-ஆ?" என்று கேட்டால் ஒவ்வொரு மாதமும் அதே பதில்தான். "வரேன்னு பேர் கொடுத்துட்டு வராம இருப்பனா தம்பி? அந்த கத்திரி நாத்து எனக்கு ரெண்டு எடுத்து வை."