ஒரு மாத கிராஃபை நம்பி 3,500 ஏமாந்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

மூன்று நாளாகக் கோபம் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தள்ளுபடி விற்பனையில் ஒரு வாஷிங் மெஷின் வாங்கி 3,500 இழந்திருக்கிறேன். விலையைப் பார்க்காமல் வாங்கியவன் அல்ல நான். பழைய விலை எல்லாம் பார்த்து, சரி என்று தோன்றிய பிறகுதான் வாங்கினேன்.

எல்லா வகைப் பொருளும் விற்கும் பெரிய இணையக் கடை அது. பெயர் வேண்டாம். ஏழு கிலோ மெஷின். 32,000 என்று அடித்துவிட்டு அதன் கீழே 21,990 என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் 31 சதவீதத் தள்ளுபடி. அந்த 32,000-ஐ நான் நம்பவில்லை. அது தயாரிப்பாளர் அச்சிடும் அதிகபட்ச விலை, அந்த விலைக்கு யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. அதனால் விலை வரலாறு காட்டும் ஒரு தளத்தைத் திறந்து, மெஷின் பக்கத்தின் முகவரியை ஒட்டினேன். கிராஃப் வந்தது. 24,990 என்று ஒரே நேர்கோடு, கடைசியில் செங்குத்தாக ஒரு இறக்கம், 21,990. மேலே பச்சைப் பட்டையில் "30 நாளில் மிகக் குறைந்த விலை".

அந்தப் பச்சைப் பட்டையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. 3,000 குறைந்திருக்கிறதே, உண்மையான தள்ளுபடிதான் என்று நினைத்தேன். விற்பனை முடிய நாலு மணி நேரம் என்று சிவப்பில் கடிகாரம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. பணத்தைக் கட்டிவிட்டேன்.

மெஷின் வந்து, ஆள் வந்து பொருத்திவிட்டுப் போன அன்று மாலை தங்கையிடம் அந்தக் கிராஃபைப் பெருமையாகக் காட்டினேன். அவள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, இது ஒரு மாசக் கணக்குதானே? ஒரு வருஷத்தைத் தட்டிப் பார்த்தீங்களா?"

கிராஃபுக்குக் கீழே சின்ன எழுத்தில் 1 மாதம், 3 மாதம், 1 ஆண்டு, முழுவதும் என்று நாலு பொத்தான்கள் இருந்தன. தளம் திறக்கும்போதே 1 மாதத்தில் நின்றிருக்கிறது. நான் தொடவே இல்லை. அவள் 1 ஆண்டைத் தட்டினாள். நான் பார்த்த நேர்கோடு வலது ஓரத்தில் ஒரு சின்னப் படியாகச் சுருங்கிப்போனது. அதற்கு இடதுபுறம், ஏழு மாதத்துக்கும் மேலாக, அசையாமல் ஒரு கோடு: 18,490. விற்பனை தொடங்குவதற்குச் சரியாக 41 நாள் முன்பு அது ஒரே நாளில் 24,990-க்கு ஏறியிருக்கிறது. அங்கேயே உட்கார வைத்து, அப்புறம் 21,990-க்கு இறக்கி "தள்ளுபடி" என்று சொல்லியிருக்கிறார்கள். 18,490-க்கு விற்ற பொருளை 21,990-க்கு வாங்கியிருக்கிறேன். 3,500 அதிகம். கிட்டத்தட்ட 19 சதவீத ஏற்றம், அதற்குப் பெயர் 31 சதவீதத் தள்ளுபடி!

முதலில் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த 18,490 வேறு விற்பனையாளர் போட்ட விலையாக இருக்கும், இல்லையென்றால் ஆறு கிலோ மெஷினாக இருக்கும் என்றேன். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். கொள்ளளவு, நிறம் மாற்றினால் விலையும் மாறும். சில தளங்கள் எல்லாவற்றையும் ஒரே கோடாகக் கலந்து காட்டிவிடும். தங்கை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாடல் எண் அதே, ஏழு கிலோ அதே, விற்பனையாளரும் அதே ஆள். பிறகு இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் web.archive.org-இல் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டாள். மூன்று மாதம் முன்பு எடுத்த ஒரு நகல் கிடைத்தது. அதில் 18,490 என்று தெளிவாக இருந்தது. (எல்லாப் பொருளுக்கும் இப்படி நகல் கிடைக்காது. கிடைத்தாலும் பல பக்கங்களில் விலை இருக்கும் இடம் மட்டும் வெறுமையாக வரும். எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம்.)

அந்த 41 நாள்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. விலையைக் குறைத்திருக்கிறேன் என்று கடைக்காரர் அறிவித்தால், குறைப்பதற்கு முந்தைய குறைந்தது 30 நாளில் அவர் விற்ற மிகக் குறைந்த விலையை முந்தைய விலையாகக் காட்ட வேண்டும். சதவீதத்தையும் அந்த விலையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அங்குள்ள நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல விதிதான். அது இருந்தால் அந்த 32,000 விழுந்துவிடும். ஆனால் 41 நாள் முன்பே விலையை ஏற்றி வைத்தவரிடம் 30 நாள் கணக்கைக் கேட்டால் 24,990 என்றுதான் பதில் வரும். நான் பார்த்த பச்சைப் பட்டையும் அதைத்தான் சொன்னது. பட்டை பொய் சொல்லவில்லை. ஏழு மாதத்தைப் பார்க்காமல் விட்டவன் நான்தான்.

கடையிடம் கேட்டேன். முதல் நாள் அரட்டையில் வந்தவர், "விலை சந்தை நிலவரத்துக்கு ஏற்ப மாறும் சார்" என்று சொல்லிவிட்டு உரையாடலை மூடிவிட்டார். மறுநாள் கிராஃப் படத்தையும் பழைய நகலையும் அனுப்பினேன். விலையை நிர்ணயிப்பது விற்பனையாளர், நாங்கள் இல்லை என்றார்கள். விற்பனையாளருக்கு எழுதினால், விற்பனை நாள் விலையைத் தளம்தான் முடிவு செய்கிறது என்று பதில். திருப்பித் தருகிறேன் என்றேன். பொருத்திய மெஷினைப் பழுது இருந்தால் மட்டுமே எடுப்பார்களாம். 3,500-ஐ யாரிடம் கேட்பது? வெளியிலிருந்து கொண்டுவந்த கிராஃபை ஆதாரமாக ஏற்க மாட்டோம் என்று சொல்லி மூன்றாவது புகாரையும் நேற்று முடித்துவிட்டார்கள்.

எப்படிப் பார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கிராஃப் திறந்ததும் முதல் வேலையாக 1 ஆண்டு அல்லது முழுவதும் என்பதைத் தட்டுங்கள். அதிக நாள் படுத்துக் கிடக்கும் கோடு எந்த விலையில் இருக்கிறதோ அதுதான் அந்தப் பொருளின் விலை, தள்ளுபடியை அதிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள். சராசரி விலை என்று தளம் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், இப்படி இடையில் ஏற்றிய விலை அதையும் மேலே இழுத்துவிடும். வரலாறே இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றால் பழைய பொருளைப் புதுப் பக்கத்தில் ஏற்றியிருக்கலாம், மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள். கூப்பன், அட்டைச் சலுகை எல்லாம் கிராஃபில் பெரும்பாலும் வராது, அதைத் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

விற்பனை முடிந்து நாலு நாள் ஆகிறது. இதை எழுதும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 32,000 அடித்திருக்கிறது, கீழே அதே 21,990. சிவப்புக் கடிகாரமும் ஓடுகிறது, இன்னும் நாலு மணி நேரம் என்று.