இரவு ஏழு மணிக்கு எரியும் பியூஸ்: சுமையா, மரமா, பீங்கானா?

ஒட்டுசுட்டான் பக்கத்தில் குளக்கட்டை அடுத்துள்ள ஒரு குக்கிராமத்தில், மின்மாற்றிக் கம்பத்தில் இருக்கும் 63 ஆம்பியர் பியூஸ்களில் ஒன்று ஆடி மாதத்தில் ஒன்பது நாட்களாக ஏழு மணியளவில் எரிந்துகொண்டிருந்தது. கம்பிக்கு மேலே சாய்ந்து நிற்கும் பாலை மரம்தான் காரணம் என்று ஊரார் உறுதியாகச் சொன்னார்கள். வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் பீங்கான் காவலிகளில் படிந்த தூசியைக் கைகாட்டினார். நான் சுமையைச் சந்தேகித்தேன்.

முதலில் எந்த பியூஸ் எரிகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 33 கிலோவோல்ட் பக்கத்தில் ஒன்று போனால், வழக்கமான மின்மாற்றியில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் விளக்கு ஒழுங்காக எரியும். மற்ற வீடுகளில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தத்தில் மங்கி அழும். இங்கே அப்படி இல்லை. ஒரே பேஸில் உள்ள 22 வீடுகள் முழுவதும் இருண்டன, மற்றவற்றில் எந்தக் குறையும் இல்லை. ஆகவே பழுது 230 வோல்ட் பக்கத்தில்தான்.

இது தெரிந்ததும் பீங்கான் கட்சி பெரிதும் வலுவிழக்கிறது. 230 வோல்ட்டில் தூசி படிந்த காவலி வழியே கசிவது மில்லி ஆம்பியர் கணக்கில்தான். அது 63 ஆம்பியர் பியூஸைச் சூடாக்கக்கூடப் போதாது. கசிவு பியூஸை எரிக்கும் இடம் 33 கிலோவோல்ட் கம்பி. அங்கும் அது மெல்ல மெல்ல எரிக்காது. நனைந்த தூசியின் மேல் பொறி தாவினால் அந்தக் கணமே போகும். அதற்கு ஈரம் வேண்டும், அதாவது விடியற்காலைப் பனியோ கோடைக்குப் பின்வரும் முதல் தூறலோ. ஆடி மாத ஏழு மணிக்கு இரண்டும் இல்லை.

மரத்தை அவ்வளவு எளிதில் விட்டுவிட முடியாது. பச்சைக் கிளை ஒரு கம்பியைத் தொட்டாலும் அதன் தடை மிக அதிகம் என்பதால் பாயும் மின்னோட்டம் சொற்பமே. ஆனால் அதே கிளை உறையில்லாத இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தள்ளிவிட்டால் குறுஞ்சுற்று ஏற்பட்டு, பளிச்சென்று ஒளியும் வெடிச் சத்தமும் வந்து பியூஸ் உடனே போகும். அது காற்றைப் பொறுத்தது. சோளகம் பிற்பகலில்தான் ஆளையே தள்ளும், பொழுது பட்டதும் தணிந்துவிடும். மரம் குற்றவாளியாக இருந்தால் மூன்று, நான்கு மணிக்கும் எரிந்திருக்க வேண்டும். காற்று அடங்கிய இரவில் எரிந்திருக்கக் கூடாது.

சுமைக்குரிய அடையாளத்தை ஓர் அம்மா சொன்னார்: “தம்பி, திடீரென்று நிற்பதில்லை. முதலில் பல்பு மங்கும், மோட்டார் முனகும், சோறு வேகாமல் கிடக்கும். அதற்குப் பிறகுதான் போகும்.” இந்த ஒரு பேச்சு எனக்குப் பாதி விடை. குறுஞ்சுற்று இப்படி முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. 63 ஆம்பியர் பியூஸ் 79 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். 101 ஆம்பியர் பாய்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எரிந்தாக வேண்டும். அதன் அமைப்பே அதுதான். எனவே விளக்கு வைக்கும் நேரத்தில் தொடங்கும் பாவனை ஏழு மணிக்கு அதை எரிப்பதில் வியப்பில்லை.

மாலை 6.30க்கு ஊழியர்கள் கிளாம்ப் மீற்றரை மாட்டினார்கள். இருண்டுபோகும் பேஸில் 106 ஆம்பியர், மற்ற இரண்டில் 31, 27. வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கும் பொருந்தியது: ஒரு குதிரைவலுத் தண்ணீர் மோட்டார் ஒன்பது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 ஆம்பியர், சோறு சமைக்கும் குக்கர் பத்து, ஒவ்வொன்றும் 3, விளக்கு, விசிறி, தொலைக்காட்சிக்கு வீட்டுக்கு ஒன்றாக 22. காலப்போக்கில் புதிய இணைப்புகள் எல்லாம் கைக்கு எட்டிய ஒரே கம்பியில் கொடுக்கப்பட்டிருந்தன.

அப்படியானால் 100 ஆம்பியர் பியூஸ் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். அதை நான் கடுமையாக எதிர்த்தேன். அப்படிச் செய்தால் பியூஸுக்குப் பதிலாகக் கம்பியும் இணைப்புகளும் சூடாகும்; கம்பியின் கடைக்கோடியில் குறுஞ்சுற்று ஏற்பட்டாலும் பியூஸ் எரியத் தாமதிக்கும். அறுந்த கம்பி மின்னோடு நிலத்தில் கிடக்கும் ஊரில் பிள்ளைகள் நடமாட வேண்டுமா?

மின் நிறுத்தப்பட்ட பின் எட்டு வீடுகளை ஊழியர்கள் மற்ற இரு பேஸுகளுக்கும் நாலு நாலாக மாற்றினார்கள். அடுத்த மாலை அளவு 68, 50, 46. இரண்டு வீட்டார் மோட்டாரைக் காலையில் போட ஒப்புக்கொண்டதும் 68 என்பது 56 ஆனது. பாலைக் கிளையையும் அன்றே வெட்டச் சொன்னேன். இந்த எரிதலுக்கு அது காரணமில்லை என்றாலும் கார்த்திகை மழைக்காற்றில் அதன் முறை வரும்.

இனியும் அந்த பேஸில் எரிந்தால் சுமையை மீண்டும் குறை சொல்ல மாட்டேன். பியூஸ் தாங்கியின் செம்பு நாக்கு கருத்திருந்ததைப் பார்த்தேன். பிடி தளர்ந்த இணைப்பு தானே சூடாகி, 50 ஆம்பியரில்கூட நல்ல பியூஸை எரித்துவிடும். அடுத்து பார்க்க வேண்டியது அதைத்தான்.