மூச்சை எண்ணாத சீட்டு: குமுளி கிளினிக்கில் மூன்று வண்ண வரிசை முறையின் இரண்டாண்டு அனுபவம்

குமுளியில் நான் செவிலியராகப் பணிபுரியும் சிறிய கிளினிக்கில், மாலை நான்கரை மணிக்கு மேல் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் இறங்கும்போது ஒரே நேரத்தில் இருபது, இருபத்தைந்து பேர் வந்துவிடுவார்கள். கம்பத்துக்குத் திரும்ப வேண்டிய ஜீப் காத்திருப்பதால் எல்லோருக்கும் அவசரம்தான். அவர்களில் யாரை முதலில் மருத்துவரிடம் அனுப்புவது என்பதற்காக, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய NEWS2 என்ற மதிப்பெண் அட்டவணையைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டி, இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், நினைவுநிலை ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறோம். ஆக்சிஜன் வைத்திருந்தால் இன்னும் இரண்டு சேரும். மொத்தம் ஏழோ அதற்கு மேலோ வந்தால் சிவப்புச் சீட்டு. ஐந்தோ ஆறோ வந்தாலும், ஏதேனும் ஓர் அளவுக்கு மட்டும் மூன்று வந்தாலும் மஞ்சள் சீட்டு. அவரை அரை மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்த்துவிட வேண்டும். மற்றவர்களுக்குப் பச்சை.

இந்த முறையின் பலம் முழுவதும் மூச்சு எண்ணிக்கையில் இருக்கிறது என்பதையும், எங்கள் பதிவேட்டில் பொய்யாக இருந்ததும் அதுதான் என்பதையும் ஒரு நோயாளி வழியாகவே தெரிந்துகொண்டேன். ஐம்பத்தாறு வயதுத் தோட்டத் தொழிலாளி ஒருவர் வந்தார். நாடி 84, ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 104, காய்ச்சல் 37.9 செல்சியஸ், ஆக்சிஜன் 95, மூச்சு 18 என்று சீட்டில் எழுதியிருந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று, ஆக இரண்டு; பச்சைச் சீட்டுடன் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். "மேலுக்கு முடியல சிஸ்டர், வேற ஒண்ணும் இல்ல" என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கியதைக் கவனித்தேன். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணியபோது 26 வந்தது. இருபத்தைந்தும் அதற்கு மேலும் மூன்று மதிப்பெண் என்பதால் மொத்தம் ஐந்தாகி, அவர் மஞ்சளுக்கு மாறினார். காய்ச்சல்காரருக்கு ஏற வேண்டிய நாடி ஏன் ஏறவில்லை என்பதற்கான விடை அவர் சட்டைப்பையில் இருந்தது. அழுத்தத்துக்காக அவர் தினமும் போட்டுவந்த அட்டெனலால் மாத்திரை நாடியை அடக்கி வைத்திருந்தது. பெரிய மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்தது.

அன்று இரவு பழைய பதிவேட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக மூச்சுக்கு 18, 20, 18, 20 என்றே இருந்தது. 17 என்றோ 23 என்றோ ஓர் ஒற்றைப்படை எண்கூடக் கண்ணில் படவில்லை. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினாலும் இரட்டைப்படைதான் வரும் என்றாலும், இத்தனை பேர் ஒரே இரண்டு எண்களில் மூச்சு விட மாட்டார்கள். இப்போது முழு நிமிடம் எண்ணுகிறோம். ஒற்றைப்படை எண்கள் வருகின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதே என் சோதனை. எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார். அதனால் சொல்லாமல் எண்ண வேண்டும்.

ஆக்சிஜன் கருவி வேறு வகையில் ஏமாற்றும். மழைக்கால மாலையில் விறைத்த விரலில் மாட்டினால் 90, 91 என்று காட்டி, கையைத் தேய்த்துச் சூடாக்கிய பின் 97-க்கு ஏறிய அனுபவம் பலமுறை உண்டு. திரையில் துடிப்பு அலை ஒழுங்காக வராதவரை அந்த எண்ணை எழுதக் கூடாது.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் சிவப்புக்கு உரியவர்கள் இருக்கிறார்கள் என்பதால், நோயாளி சொல்லும் சொற்களுக்கும் தனி விதி வைத்தோம். "மருந்தடிச்சுட்டு வந்தேன்" என்று ஒருவர் சொல்லி, அவருக்கு வியர்வையும் வாந்தியும் எச்சில் ஒழுகலும் இருந்தால், நாடி 56 ஆக இருந்தாலும் அட்டவணை பூஜ்யமே தரும். பூச்சிமருந்து நஞ்சில் நாடி குறைவதும் கண்மணி சுருங்குவதும் உண்டு என்பதால் அவரை மதிப்பெண் பார்க்காமல் உள்ளே அனுப்புகிறோம். நடுவயதுக்காரர் "வாயுப் பிடிப்பு" என்று மார்பையோ மேல்வயிற்றையோ காட்டினால் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கிறோம், மாரடைப்பை இங்கு பலர் அந்தச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

குறையும் உண்டு. மெலிந்த தோட்டத்துப் பெண்கள் பலருக்கு 100 என்பது வழக்கமான அழுத்தம். அட்டவணை அதற்கே இரண்டு மதிப்பெண் தந்துவிடுவதால், பழைய சீட்டு இருந்தால் அதனோடு ஒப்பிட்டு மருத்துவரிடம் சொல்கிறோம், மதிப்பெண்ணை நாங்களாகக் குறைப்பதில்லை. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அட்டவணை பொருந்தாது. அவர்களை வரிசையில் விடாமல் நேரே மருத்துவரிடம் காட்டுகிறோம். பச்சைச் சீட்டுக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் எல்லா அளவுகளையும் மீண்டும் எடுத்து, அதே சீட்டில் இரண்டாவது வரியில் எழுதுகிறோம்.