அகலமும் வேண்டும், மோனோவும் கெடக்கூடாது: ஒரு வீட்டுக் கச்சேரியும் நான்கு மைக் அமைப்புகளும்

வீட்டுக் கூடத்தில் நடக்கும் சிறு கச்சேரியை இரண்டே மைக்குகளில் பதிவு செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதிவை ஒருவர் நல்ல ஹெட்போனில் கேட்பார். இன்னொருவர் ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட ப்ளூடூத் பெட்டியில் சமைத்துக்கொண்டே கேட்பார். முதலாமவருக்கு மிருதங்கமும் வயலினும் இரு பக்கமும் விரிந்து நிற்க வேண்டும். இரண்டாமவருக்கு இடது, வலது இரண்டும் கூட்டப்பட்டு மோனோவாக, ஒரே ஒலியாகத்தான் போய்ச் சேரும். அந்தக் கூட்டலில் என்ன அழிகிறது என்பதை வைத்தே இங்கே நான்கு அமைப்புகளை எடைபோடுகிறேன்.

மேடை அமைப்பு வழக்கமானது. பாடகர் நடுவில் இருக்கிறார். வலக்கைப் பழக்கமுள்ள மிருதங்கக்காரர், வலந்தலை அவையைப் பார்க்கும்படி, பாடகரின் வலப்பக்கம் அமர்கிறார். கேட்பவர் பக்கமிருந்து பார்த்தால் அது இடது. வயலின் எதிர்ப்புறம். மைக் பாடகரிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறது. அங்கிருந்து இரு பக்கவாத்தியங்களும் நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 35 பாகை விலகியிருக்கின்றன. சுருதி இரண்டு கட்டை.

பலரும் முதலில் கை வைப்பது ஏ-பி அமைப்பில்தான்: எல்லாத் திசையும் கேட்கும் இரண்டு ஆம்னி மைக்குகள், இடைவெளி 50 செ.மீ. ஹெட்போனில் இதன் அழகுக்கு ஈடில்லை. கூடத்தின் காற்றே பதிவுக்குள் வந்துவிடும், கீழ்ஸ்தாயியிலும் விரிவு இருக்கும். ஆனால் வயலின் ஒலி வலது மைக்கைவிட இடது மைக்குக்கு 29 செ.மீ. கூடுதலாகப் பயணிக்கிறது. அதாவது 0.84 மில்லிநொடி தாமதம். இரண்டையும் கூட்டினால், அந்தத் தாமதம் அரைச் சுழற்சியாக அமையும் அதிர்வெண்ணில் ஒலி தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. இங்கே முதல் பள்ளம் 598 ஹெர்ட்ஸில் விழுகிறது, அடுத்தது 1790-ஐ ஒட்டி. இரண்டு கட்டை சுருதியில் ஒரு ஷட்ஜம் 587 ஹெர்ட்ஸில் இருக்கிறது. வயலின் எந்த ஸ்வரத்தில் நிறைந்து நிற்க வேண்டுமோ, அதே ஸ்வரத்தின் நேரடி ஒலி மோனோவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. கூடத்தின் எதிரொலி பள்ளத்தை ஓரளவு தூர்த்துவிடும் என்பதால் ஸ்வரம் முற்றிலும் காணாமல் போகாது. தூரத்தில் வாசிப்பதுபோல் உள்வாங்கும். வில் சற்று நகர்ந்தால் பள்ளமும் நகரும். இதை ஈக்வலைசரால் நிரப்ப முடியாது. கழிந்துபோன ஒலியை எவ்வளவு பெருக்கினாலும் கழிந்ததுதான்.

ஓஆர்டிஎஃப் அமைப்பு இதற்குப் பாதி மருந்து. பிரெஞ்சு வானொலியிலிருந்து வந்த அளவு அது: 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்த, முன்பக்கம் நன்றாகவும் பின்பக்கம் மிகக் குறைவாகவும் கேட்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகள். இடைவெளி குறைவதால் முதல் பள்ளம் 1760 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. தூரத்து மைக் வயலினுக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்பதால், அதில் ஒலி பாதியளவே பதிகிறது. பாதியால் முழுதை அழிக்க முடியாதல்லவா, பள்ளமும் 10 டெசிபல் ஆழத்தோடு நின்றுவிடுகிறது. மோனோவில் வயலின் கொஞ்சம் மூக்கடைத்தாற்போல் கேட்கும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் கவனிக்கமாட்டார்கள். வயலின்காரர் கவனிப்பார்.

எக்ஸ்-ஒய் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு கார்டியாய்டு மைக்குகளும் ஒரே புள்ளியில் இருப்பதால் தாமதம் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் 90 பாகை விரிப்பில் வயலினுக்கு இரு சேனல்களுக்கும் இடையே கிடைக்கும் வித்தியாசம் 4.6 டெசிபல்தான், மூவரும் ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்ததுபோல் இருக்கும். அதைவிட எனக்கு உறுத்துவது, பாடகரை இரண்டு மைக்குகளும் 45 பாகை சாய்ந்து பார்ப்பது. சாய்வான கோணத்தில் பல மைக்குகளில் மேல் அதிர்வெண்கள் மங்கும். கச்சேரியின் நாயகர் யாரோ அவரை எந்த மைக்கும் நேரே பார்க்கவில்லை.

மிட்-சைடு அமைப்பு இந்தக் குறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஆலன் ப்ளூம்லின் 1931-இல் தாக்கல் செய்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே கூட்டல், கழித்தல் சேனல்கள் என்ற யோசனை இருக்கிறது. பிறகு டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லௌரிட்சன் இதை மைக் முறையாக வளர்த்தெடுத்தார். ஒரு கார்டியாய்டு மைக் பாடகரை நேரே பார்க்கிறது. அது நடு மைக், M. அதன் மேலேயோ கீழேயோ ஒட்டினாற்போல், முன்னும் பின்னும் கேட்டுப் பக்கவாட்டில் செவிடாக இருக்கும் எட்டு வடிவ மைக் ஒன்றை, செவிட்டுப் பக்கம் பாடகரை நோக்கும்படி திருப்பி வைக்கிறோம். அது பக்க மைக், S. அதன் முன்முகம் இடப்பக்கம், மிருதங்கத்தைப் பார்க்க வேண்டும். பிறகு செய்வது பள்ளிக்கூடக் கணக்கு:

```
L = M + g*S
R = M - g*S
L + R = 2*M
```

மூன்றாவது வரியில்தான் எல்லாம் இருக்கிறது. மோனோவாக்கும்போது S முழுவதும் கழிந்துவிடுகிறது. மிஞ்சுவது பாடகரை நேரே பார்த்த ஒரே ஒரு மைக். மற்ற மூன்று அமைப்புகளிலும் மோனோ என்பது இரண்டு மைக்குகள் செய்துகொள்ளும் சமரசம். இங்கே அது ஒரு மைக்கின் நேரடிப் பதிவு. S மைக் மலிவானதாக இருந்தாலும், மூன்று செ.மீ. தள்ளி மாட்டப்பட்டிருந்தாலும் கெடுவது ஸ்டீரியோ மட்டுமே.

ஆகவே வைக்கும் வரிசையும் மாறுகிறது. ஹெட்போனில் S-ஐ அணைத்துவிட்டு, M-ஐ மட்டும் கேட்டுக்கொண்டே மைக்கின் இடத்தையும் உயரத்தையும் முடிவு செய்ய வேண்டும். மிருதங்கம் பாட்டை மூடினால் ஸ்டாண்டை நகர்த்துங்கள். அது சரியான பிறகே S-ஐத் திறக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்டே இடம் தேடுபவர்கள், ஸ்டீரியோவின் விரிவில் மயங்கி மைக்கைப் பின்னுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

இனி அகலம். மேலே உள்ள g என்பது S-இன் அளவு. வயலினுக்கு இரு சேனல் வித்தியாசம் g 0.5 என்றால் 5.7 டெசிபல், 0.7 என்றால் 8 டெசிபலுக்குச் சற்று மேல், 1 என்றால் 13 டெசிபலை ஒட்டி. பதிவு முடிந்த பிறகு, கச்சேரிக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு, இதை ஃபேடரில் மாற்றிக்கொள்ளலாம். மற்ற அமைப்புகளில் கோணமும் இடைவெளியும் பதிவோடு உறைந்துவிடுகின்றன.

ஆனால் g-க்கு எல்லை உண்டு. ஒலி ஒரு குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டினால் எதிர்ச் சேனலில் அது தலைகீழ் போலாரிட்டியில், அதாவது அலையின் மேடு பள்ளமாகப் புரண்டு, வரத் தொடங்கும். M கார்டியாய்டாக இருக்கும்போது, g 0.5-க்கு அந்தக் கோணம் 90 பாகை, 0.7-க்கு 71, 1-க்கு 53. நம் வயலின் 35-இல் இருப்பதால் மூன்றிலும் பிழைக்கிறது. பக்கச் சுவரோரம் உட்கார்ந்து தாளம் போடும் ரசிகர் பிழைக்கமாட்டார். அவர் தட்டு தலைக்குள் எங்கோ திசை தெரியாமல் கேட்கும். எதிரொலியின் கணக்கும் இதையே சொல்கிறது. g 1 ஆகும்போது கூடத்தின் பரவலான எதிரொலி இரு சேனல்களிலும் ஒன்றோடொன்று தொடர்பில்லாததாகிறது. அதைத் தாண்டினால், இரு சேனல்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் எதிர்ப்பக்கம் சாயும். நான் இந்த மேடைக்கு 0.7-இல் தொடங்குவேன். 1-ஐத் தாண்டமாட்டேன்.

மோனோ சுத்தமாக ஒடுங்குகிறது என்பதால் ஸ்டீரியோவும் மோனோவும் ஒரே சமநிலையில் கேட்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கழிந்துபோகும் S-இல் எதிரொலி நிறைய இருக்கிறது. g 1-இல் பாடகரின் குரல் அதே அளவில் இருக்க, கூடத்தின் எதிரொலி மோனோவில் 3 டெசிபல் இறங்கும். g-ஐ 2-க்கு ஏற்றினால் 7 டெசிபல். பக்கவாத்தியங்கள் 35 பாகையில் g 0.7-இல் ஒரு டெசிபல்கூட இழப்பதில்லை, 1-இல் சுமார் ஒன்றரை டெசிபல் இழக்கும். சமையலறைப் பெட்டிக்கு எதிரொலி குறைவது நல்லதுதான் என்பது என் கட்சி. கோயில் மண்டபத்தின் முழக்கமே பதிவின் உயிர் என்றால் ஏ-பி ஆட்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். அவர்கள் மோனோவிலும் எதிரொலி ஏறத்தாழ அதே 3 டெசிபல் இறங்கும் என்று மட்டும் பதில் சொல்வேன்.

கணினியில் பிரித்தெடுப்பது எளிது, பிசகுவதும் எளிது. S ட்ராக்கைப் பிரதி எடுத்து, பிரதியின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி, மூலத்தை முழு இடதுக்கும் பிரதியை முழு வலதுக்கும் தள்ளி, M-ஐ நடுவில் வைக்க வேண்டும். முதல் பிசகு, நடுவில் வைத்த ட்ராக்கை மென்பொருள் 3 டெசிபல் குறைப்பது. ஃபேடர்கள் சமமாகத் தெரிந்தாலும் g உண்மையில் 1.4 ஆகிவிடும், எதிரொலி எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாவது, இரண்டு S ட்ராக்குகளில் ஒன்றுக்கு மட்டும் ஈக்வலைசர் போடுவது. ஒரு டெசிபல் வேறுபட்டால்கூடப் பக்க ஒலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கழியாமல் மோனோவில் கசியும். சோதனை ஒன்றுதான்: M-ஐ அணைத்துவிட்டு வெளியீட்டை மோனோவாக்குங்கள். முழு நிசப்தம் வர வேண்டும். சிறு முணுமுணுப்பு கேட்டாலும் இரு S ட்ராக்குகளும் சமமில்லை என்று பொருள். ஈக்வலைசர் வேண்டுமென்றால் பிரதி எடுக்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

பதிவுக் கோப்பின் முதல் சேனலில் M, இரண்டாவதில் S இருந்தால், ஃபேடர் தொல்லையே இல்லாமல் ஒரே வரியில் முடியும். இதில் g 0.7:

```
ffmpeg -i ms.wav -af "pan=stereo|c0=0.5*c0+0.35*c1|c1=0.5*c0-0.35*c1" lr.wav
```

மிருதங்கம் வலது காதில் கேட்டால் S மைக் பின்பக்கமாகத் திரும்பியிருந்திருக்கிறது, 0.35-க்கு முன்னுள்ள கூட்டல், கழித்தல் குறிகளை மாற்றிப்போட்டால் போதும். பதிவுக்கு முன் மைக்கின் இடப்பக்கம் நின்று ஒரு சொடக்குப் போட்டு வைத்திருந்தால் அந்தச் சந்தேகமும் வராது, இடக்கை மிருதங்கக்காரர் இடம் மாறி அமர்ந்த நாளில்கூட.

மிட்-சைடுக்கு என்று உள்ள சொந்த நோய் இரைச்சல். எட்டு வடிவ மைக் பாடகருக்குச் செவிடு, அதனால் அதில் பதியும் ஒலி மெலிது. அதை உயர்த்தும்போது மைக்கின் சொந்த இரைச்சலும் மின்விசிறிக் காற்றும் சேர்ந்தே எழும். ஆம்னி மைக் பொறுத்துக்கொள்ளும் காற்றை இது பொறுக்காது. விசிறியை நிறுத்த வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் S ட்ராக்கில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவேன். மிருதங்கத்தின் இடந்தலையான தொப்பியின் ஆழம் M-இல் அப்படியே இருக்கும், மோனோவுக்கு ஒரு குறையும் வராது. கேட்பவர்கள் அனைவரும் ஹெட்போன்காரர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், இவ்வளவு பாடும் வேண்டாம். இரண்டு ஆம்னிகளை 50 செ.மீ. இடைவெளியில் நிறுத்திவிட்டுக் கச்சேரியைக் கேட்கலாம்.