பேலட் மாற்றக் கொடுத்தால் 38 காணாமல் போகும்: பெங்களூரு நண்பர்களே, பணம் கொடுக்கும் முன் பாருங்கள்

ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் அடுக்குமாடிச் சங்கத்துக்கு நடந்தது இது. ஆறு மாத டேங்கர் கணக்கைக் காட்டும் இன்ஃபோகிராஃபிக். ஏப்ரலில் வந்த 38 லோடுதான் செய்தி. அந்தப் பட்டையும் எண்ணும் சிவப்பு (#C62828), மற்ற ஐந்து பட்டைகளும் சாம்பல் (#BDBDBD). சங்கத்தின் புது பேலட்டில் உள்ள நிறங்களான மஞ்சளுக்கும் கரும்பச்சைக்கும் மாற்றித் தரச் சொல்லி ஒரு டிசைன் கடையில் கொடுத்தார்கள்.

கடைக்காரர் இல்லஸ்ட்ரேட்டர் என்ற டிசைன் மென்பொருளில் எல்லாவற்றையும் செலக்ட் செய்து, நிறங்களை மொத்தமாக மாற்றும் Recolor Artwork-இல் ஒன்றுக்கு ஒன்று மாற்றிவிட்டார். சிவப்பு மஞ்சளானது (#F4B400), சாம்பல் கரும்பச்சையானது (#00695C). பார்க்க அழகுதான். ஆனால் வெள்ளைத் தாளில் கண் முதலில் போவது அடர்ந்த நிறத்துக்கு. இதை அளப்பது கான்ட்ராஸ்ட் எண், அது கூடினால் நிறம் எடுப்பாகத் தெரியும். வெள்ளையோடு ஒப்பிட்டால் பழைய சிவப்பின் கான்ட்ராஸ்ட் 5.6, சாம்பல் 1.9. புதிதில் மஞ்சள் 1.8, கரும்பச்சை 6.6. அதாவது 38 என்ற எண் பழைய சாம்பலைவிட மங்கி, ஒதுங்கி நிற்க வேண்டிய ஐந்து மாதங்களும் முன்னால் வந்து நின்றன. பெரிய எழுத்துக்கே குறைந்தது 3 வேண்டும், சிறிய எழுத்துக்கு 4.5. வாங்கும் முன் பிரின்டை பிளாக் அண்ட் ஒயிட்டில் ஒரு முறை எடுத்துப் பார்த்திருந்தால் போதும், அங்கேயே தெரிந்திருக்கும்.

சரியான வழி, நிறத்துக்கு நிறம் மாற்றாமல் வேலைக்கு வேலை மாற்றுவது. ஏப்ரல் பட்டைக்கும் 38-க்கும் கரும்பச்சை. மற்றப் பட்டைகள் சாம்பலாகவே இருக்கட்டும், பேலட்டில் இல்லையே என்று பதற வேண்டாம். மஞ்சள் வேண்டுமென்றால் 38-க்குப் பின்னால் ஒரு திட்டாக வைக்கலாம். அதன்மேல் கரும்பச்சைக்கு 3.6 கிடைக்கும், பெரிய எண்ணுக்கு அது போதும், கீழே வரும் சின்ன விளக்கத்துக்குப் போதாது. அந்த மஞ்சளை வேறெங்கும் பூசக் கூடாது. நான்கு இடத்தில் வந்தால் எதுவுமே முக்கியமாகத் தெரியாது.

ஐகான் கதை இன்னும் மோசம். 14 ஐகானையும் 'திரும்ப வரைந்தோம்' என்று ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 2,100 பில். இல்லஸ்ட்ரேட்டரில் Ctrl+Y அழுத்தினால் வரைந்த ஐகான் கோடுகளாகத் தெரிய வேண்டும். இங்கே தெரிந்தது 14 வெறும் செவ்வகங்கள். உள்ளே பிஎன்ஜி படங்கள். Recolor Artwork இந்த மாதிரிக் கலர் படங்களைத் தொடாது. அதனால் போட்டோஷாப்பில் ஒரே மஞ்சளைப் பூசி ஒட்டியிருக்கிறார்கள். டேங்கர் ஐகானும் காவிரித் தண்ணீர் ஐகானும் ஒரே நிறமாகிவிட்டதால், சார்ட்டின் நிறக் குறிப்போடு எதுவும் ஒத்துப்போகவில்லை.

பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள், இல்லஸ்ட்ரேட்டரில் திருத்த முடிகிற .ai ஃபைல் கேளுங்கள். அதில் சேமித்து வைத்த நிறங்களான ஸ்வாட்ச்கள் Global ஆக இருந்தால் மூலையில் சின்ன வெள்ளை முக்கோணம் இருக்கும். அதை டபுள் கிளிக் செய்து நிறத்தை மாற்றினால், அது வரும் இடமெல்லாம் ஒரே வீச்சில் மாறும். இவர்கள் கொடுத்த ஃபைலில் ஒரு முக்கோணம்கூட இல்லை. மீதிப் பணத்தை இதற்காகவே நிறுத்தி வைத்திருக்கலாம்.