கிளைகளுக்கு நடுவே தெரியும் வானம்: வண்ணமேற்றும் இரு வழிகளின் ஒப்பீடு

பழைய கறுப்பு வெள்ளை நிலக்காட்சியின் பின்புலத்துக்குப் போட்டோஷாப்பில் வண்ணமேற்ற இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதல் வழியில் வானம், மலை, மரம் என ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நிறமுள்ள Solid Color லேயரை வைத்து, மாஸ்க்கால் எல்லை வகுப்பார்கள். இரண்டாவது வழியில் Gradient Map லேயரை வைப்பார்கள். அது கருமையிலிருந்து வெண்மை வரை ஒவ்வொரு ஒளி அளவுக்கும் நாம் குறித்த நிறத்தைக் கொடுக்கும்; அப்படிக் குறித்த நிறங்களின் தொடரே சாயல் வரிசை. எந்த வழியானாலும் கலப்பு முறையை Color என்று வைத்தால்தான் மூலப்படத்தின் ஒளியும் நிழலும் மாறாமல் நிற்கும். இரண்டிலும் வேலை செய்து பார்த்தபின், பின்புலத்துக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன்.

ஒரே நிற லேயர் கற்க எளிது, திருத்தவும் எளிது. ஆனால் வெயில் படும் இலை சற்று மஞ்சளாகவும், நிழலில் உள்ள இலை வானொளியால் சற்று நீலமாகவும் தெரிவதுதான் இயல்பு. இரண்டுக்கும் ஒரே பச்சையைக் கொடுக்கும்போது மரம் சாயம் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. சாயல் வரிசையில் இந்த வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடலாம்.

ஆயினும் என் தேர்வை முடிவு செய்தது மாஸ்க் வரையும் உழைப்புதான். வெள்ளை வானத்தின் முன்னே நுண்ணிய கிளைகளும் இலைகளும் நிறைந்த ஒரு மரம் நிற்கிறது என்று கொள்வோம். ஒரே நிற லேயரில் ஒவ்வொரு கிளை இடுக்கையும் பிரித்து மாஸ்க் வரைய வேண்டும். எல்லை சற்றே தவறினாலும் மரத்தைச் சுற்றி வானத்தில் பச்சை விளிம்பு தெரியும். Gradient Map வழியில் மரத்தையும் அதைச் சூழ்ந்த வானத்தையும் சேர்த்து ஒரு தளர்வான மாஸ்க்குக்குள் அடக்கிவிடலாம். சாயல் வரிசையின் 0 விழுக்காட்டில் நீலம் கலந்த கருமை, 30-இல் அடர்ந்த பழுப்புப் பச்சை, 60-இல் மஞ்சள் கலந்த பச்சை, 75-க்கு மேல் வெளிர் நீலம் என்று வைத்தால், இருண்ட கிளை பழுப்பாகவும் அதன் இடுக்கில் தெரியும் வெளிச்சம் நீலமாகவும் தாமே பிரிந்துகொள்ளும்.

இது பலிப்பதற்குக் காரணம் பழைய தகடுகளின் தன்மை. தொடக்ககால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கே பெரிதும் உணர்வு கொண்டிருந்தன. ஆகவே வானம் ஏறத்தாழ வெண்மையாகவும், நீலத்தைக் குறைவாகப் பிரதிபலிக்கும் பசுமை இருளாகவும் பதிந்தன. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906-இல் விற்பனைக்கு வந்தன. அவ்வகைத் தகட்டில் சிவப்பு வடிகட்டி வைத்து எடுத்த படங்களில் வானமே இருண்டு மரத்தின் ஒளி அளவோடு கலந்துவிடுவதால், அங்கே இந்த உத்தி பயன்படாது. மாஸ்க்கைக் கையால்தான் வரைய வேண்டும்.

இரு வழிகளுக்கும் பொதுவான ஒரு தடை உண்டு. முழு வெண்மையில் Color முறை எந்த நிறத்தையும் ஏற்றாது, ஏனெனில் 255 என்ற ஒளி அளவில் நிறத்துக்கு இடமில்லை. எனவே வானப் பகுதியில் மட்டும் Levels-இன் வெளியீட்டு வெண்மையைத் தொடுவானத்தருகே ஏறத்தாழ 235-க்கும், மேலே போகப்போக 200-க்கும் இறக்கிக்கொள்ள வேண்டும். உச்சியில் நீலம் அடர்ந்தும் கீழே வெளிறியும் இருப்பது இயற்கைக்கும் ஒத்தது.

Gradient Map-இன் உண்மையான பலவீனம், ஒளி அளவில் உள்ள பிழையையும் அது நிறமாக்கிவிடுவதே. இருண்ட மூலைகள் வானத்தில் பச்சைத் திட்டுகளாகும்; 60 விழுக்காட்டுக்கும் 75 விழுக்காட்டுக்கும் நடுவே உள்ள ஒளி அளவுகளில், பழைய படத்தில் சொரசொரப்பாகத் தெரியும் நுண்ணிய மணிகள் பச்சையும் நீலமுமான புள்ளிகளாகச் சிதறும். கறைகளை முதலில் சீராக்கிவிட்டு, படத்தின் நகலை 2 அல்லது 3 பிக்சல் அளவுக்கு மங்கலாக்கி, அந்த நகலில் சாயல் வரிசையை ஏற்றி, அதை Color முறையில் மூலத்தின்மேல் வைத்தால் மணிகள் ஒளியில் மட்டும் தங்கும். ஆனால் அளவு மீறி மங்கலாக்கினால் கிளை விளிம்பில் நிறம் கசியும். பனி மூடிய காட்சிகளில் நான் அதிகம் வேலை செய்ததில்லை என்பதால், அங்கும் இது இவ்வளவு சுலபமாக இருக்குமென்று உறுதி கூற மாட்டேன்.

தொலைமலைகளுக்கு மட்டும் ஒரே நிற லேயரே போதுமானது. இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் அங்கே ஒளி வேறுபாடு ஏற்கெனவே ஒடுங்கியிருக்கும். செறிவு குறைந்த நீலச் சாம்பல் ஒன்றை வைத்து, ஒவ்வொரு மலை வரிசையும் பின்னால் போகப்போகச் செறிவை இன்னும் குறைத்தால் தொலைவு கண்ணுக்குப் புலப்படும்.